அந்தப் புத்தகத்தை மூடுங்கள்!

மூடுங்கள். நாற்பதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி மூன்று மாதமாகத் தலைமாட்டில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தப் புத்தகத்தைத்தான் சொல்கிறேன். இதைப் படிக்காதவன் வாசகனே இல்லை என்று யாரோ சொன்னதற்காக வாங்கினீர்கள். இரவு எடுத்தால் கால் மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு கனக்கிறது. ஒரே வரியை நான்கு முறை படித்த பிறகும், அதில் யார் யாரிடம் என்ன சொன்னார் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் அதைப் பார்க்கும்போதே ஒரு குற்ற உணர்ச்சி. டிஸ்லெக்சியா உள்ள உங்களுக்கு அந்தக் குற்ற உணர்ச்சி ஒன்றாம் வகுப்பிலிருந்தே பழக்கம். கரும்பலகை முன்னால் நிறுத்தி வைத்து உரக்கப் படிக்கச் சொன்ன காலத்திலிருந்து சுமந்து வருகிறீர்கள். போதும், இறக்கி வையுங்கள்! பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. இனி நீங்கள் படிப்பது மதிப்பெண்ணுக்காக அல்ல, இன்பத்துக்காக. இன்பத்துக்காகப் படிப்பவருக்கு எந்தப் புத்தகத்தையும் பாதியில் தூக்கிப் போடும் உரிமை உண்டு.

இந்தக் களைப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாததால்தானே இத்தனை வருடம் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்தார்கள்! 1986-ல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை இரண்டு வேலைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, எழுத்துக்கூட்டுவது, அதாவது தாளில் உள்ள கோடுகளைச் சொல்லாக மாற்றுவது. மற்றொன்று, அந்தச் சொல்லைக் கேட்டுப் புரிந்துகொள்வது. இரண்டும் சேர்ந்தால்தான் வாசிப்பு. பெரும்பாலோருக்குப் பத்து வயதுக்குள் முதல் வேலை தானாக நடக்கத் தொடங்கிவிடுகிறது. அது நடப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. டிஸ்லெக்சியா உள்ளவருக்கு அந்த வேலை முழுக்கத் தானியங்கி ஆவதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் கொஞ்சம் கவனத்தைச் செலவழித்தாக வேண்டும். இரண்டாவது வேலையிலோ பெரும்பாலும் குறையே இருக்காது. கதையைச் சொன்னால் மற்றவரைப் போலவே பிடித்துக்கொள்வார்கள், சிலர் மற்றவரைவிட வேகமாக. ஆகவே கோளாறு அறிவிலும் இல்லை, முயற்சியிலும் இல்லை. கல் பொறுக்கிக்கொண்டே சோறு தின்கிறவரைப் பார்த்து, ருசித்துச் சாப்பிடத் தெரியவில்லை என்று சொல்வது எவ்வளவு அபத்தம்! உங்களை இத்தனை நாள் அப்படித்தான் சொன்னார்கள்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. டிஸ்லெக்சியா கண் நோய் அல்ல. ஆனால் கண்ணில் தனியாக ஒரு குறை இருந்தால், இருக்கிற களைப்பின் மேல் அது இன்னொரு களைப்பை ஏற்றும். நாற்பது வயதைத் தாண்டியவர் கிட்டப் படிக்கும் கண்ணாடி தேவையா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எழுத்து இரண்டாகத் தெரிந்தால் கண் மருத்துவரிடம் போக வேண்டும், அதற்குப் புத்தகத் தேர்வு மருந்தாகாது.

தமிழுக்கு வருவோம். நம் எழுத்து ஒரு வகையில் நேர்மையானது. ஆங்கிலத்தைப் போல எழுதுவது ஒன்று, உச்சரிப்பது ஒன்று என்ற கொடுமை இங்கே குறைவு. ஆனால் 247 எழுத்துகள். மூணு சுழி ண, ரெண்டு சுழி ன, ல, ள, ழ, ர, ற. அது போதாதென்று கொம்பு வேறு. 'கே' என்று சொல்லும்போது நாக்கு முதலில் ககரத்துக்குப் போகிறது, தாளிலோ கண்ணில் முதலில் படுவது கொம்பு. 'கொ' என்றால் முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால், ககரம் நடுவில். தானாக வாசிப்பவருக்கு இவையெல்லாம் ஒரே உருவம். எழுத்துக்கூட்டி வாசிப்பவருக்கு ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தடுமாற்றம்.

அதைவிடப் பெரிய செலவு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, நீளச் சொல். 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரே மூச்சில் அச்சடித்துவிடுகிறோம். அதன் வாலுக்கு வந்து சேர்வதற்குள் தலை மறந்து போகிறது. மற்றொன்று, வினைமுற்று. தமிழ் வாக்கியத்தில் என்ன நடந்தது என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். வந்து, நின்று, பார்த்து, யோசித்து என்று எட்டு எச்சங்களை அடுக்கிய வாக்கியத்தில் அந்தக் கடைசிச் சொல் வரும்வரை எல்லாவற்றையும் மனதில் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும். எழுத்துக்கூட்டுவதற்கே பாதிக் கவனத்தைக் கொடுத்துவிட்டவர் கையில் தூக்குவதற்கு எவ்வளவு மிச்சம் இருக்கும்? வரியை நான்கு முறை படித்தும் புரியாமல் போனதன் காரணம் இதுதான். உங்கள் மூளை மந்தமாகவில்லை, அதன் கைகள் நிறைந்துவிட்டன.

காரணம் தெரிந்தால் ஆயுதமும் தெரியும். இனி ஒரு புத்தகத்தைப் பார்க்கும்போது அது பெரிய இலக்கியமா, எல்லோரும் படித்ததா என்று கேட்காதீர்கள். எழுத்துக்கூட்ட எவ்வளவு கேட்கிறது, கதையாக எவ்வளவு தருகிறது என்று கேளுங்கள். எழுத்துக்கூட்டும் திறனை வளர்க்க ஆசை இருந்தால் வளர்த்துக்கொள்ளலாம். அதற்கு முறையான பயிற்சி இருக்கிறது, சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. ஆனால் அதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். பயிற்சியையும் இன்பத்தையும் ஒரே புத்தகத்தில் கலக்காதீர்கள். கலந்தால் இரண்டுமே கெடும்.

புத்தகக் கடைக்குப் போங்கள். அட்டையைப் பார்க்காதீர்கள், பின்னட்டைப் புகழுரையை மறந்துவிடுங்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து கை நீட்டும் தூரத்தில் பிடியுங்கள். பக்கம் கறுப்புச் சுவராகத் தெரிகிறதா, வெள்ளை இடைவெளிகளோடு தெரிகிறதா? உரையாடல் நிறைந்த பக்கம் பாதி வெள்ளையாக இருக்கும். அடுத்து, வரிக்கும் வரிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்காக ஆவணம் தயாரிப்போருக்குப் பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ஒரு கையேடு வைத்திருக்கிறது. எழுத்து 12 முதல் 14 புள்ளி, வரி இடைவெளி ஒன்றரை மடங்கு, வலது ஓரத்தை நேராக வெட்டாமல் விடுவது, பளீர் வெள்ளைக்குப் பதில் இளமஞ்சள் தாள் என்று அது சொல்கிறது. நம் கடையில் அப்படியே கிடைக்காது. ஆனால் ஒரே நாவலுக்கு நான்கு பதிப்பகங்களின் பதிப்புகள் இருக்கும்போது மலிவான பதிப்பைவிட விசாலமான பதிப்பை எடுக்கலாமே. மறுபக்க எழுத்து நிழலாகத் தெரிகிற மெல்லிய தாளைத் தொடாதீர்கள். உங்கள் கண்ணுக்கு அது இரண்டு பக்கத்தை ஒரே நேரத்தில் படிக்கிற வேலை.

பழைய புத்தகக் கடையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை போன்றவை யானைத் துதிக்கை போல் வளைந்து வேறு உருவத்தில் இருக்கும். ணா, றா, னா ஆகியவையும் அப்படித்தான். பழைய அச்சை அப்படியே படமெடுத்துப் போட்ட மறுபதிப்புகளிலும் இது தொடரும். பழகியவருக்கு அது ஒரு அழகு. உங்களுக்குப் புதிதாகப் பத்துப் பதிமூன்று எழுத்து கற்கும் வேலை. இன்பத்துக்குப் போகிற இடத்தில் அந்த வேலை எதற்கு?

எழுத்தின் அளவு பெரிதாக வேண்டும் என்று கேட்க யாராவது கூச்சப்பட்டால் எனக்குக் கோபம் வருகிறது. 'பெரிய எழுத்து' என்று தலைப்பிலேயே போட்டு விக்கிரமாதித்தன் கதையும் நல்லதங்காள் கதையும் மதன காமராஜன் கதையும் திருவிழாக் கடைகளில் விற்ற நாடு இது. அவற்றை வாங்கியவர்களில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் ஏராளம். ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள். யாரும் வெட்கப்படவில்லை.

சின்னப் புத்தகம் என்றால் சுலபம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். குறளைவிடச் சின்னது எது? ஏழே சீர். ஆனால் சந்தி சேர்ந்து, சீருக்காகச் சொல் நடுவில் உடைந்து, இன்று புழங்காத சொற்களோடு வருகிற அந்த ஏழு சீர் நாவலின் ஒரு பக்கத்தைவிட அதிகம் கேட்கும். படிக்க ஆசை என்றால் சந்தி பிரித்துப் போட்ட பதிப்பைத் தேடுங்கள். அதேபோல, உங்களுக்குக் குழந்தைப் புத்தகத்தை நீட்டுகிறவரிடம் நாகரிகமாக மறுத்துவிடுங்கள். எழுத்துக்கூட்டுவதில் தடுமாறும் நாற்பது வயதுக்காரரின் மனது நாற்பது வயதுதான். இதைப் புரிந்துகொண்ட ஒரு பதிப்பகம் 1998-ல் எடின்பரோவில் தொடங்கியது, பெயர் பாரிங்டன் ஸ்டோக். வயதுக்கேற்ற கதை, குறுகிய நீளம், மங்கலான நிறத் தாள், தெளிவான எழுத்துரு. அவர்கள் வெளியிட்ட ஆந்தனி மெக்கோவனின் 'லார்க்' என்ற சிறிய நாவல் 2020-ல் பிரிட்டனின் கார்னகி பதக்கத்தை வென்றது. எளிமையாக அச்சிட்டால் இலக்கியம் இறங்கிவிடும் என்று சொல்கிறவர்களின் வாயை அடைக்க இந்த ஒரு பதக்கம் போதும்.

தமிழில் யாரை எடுப்பது? இது என் சொந்தத் தேர்வு, உங்கள் ருசி வேறாக இருக்கலாம். முதலில் அசோகமித்திரன். சின்ன வாக்கியம், வினைமுற்று சீக்கிரம் வந்துவிடும், சொற்கள் நாம் தினம் பேசுபவை. அடியில் ஓடுகிற துயரமும் நகைப்பும் பெரியவர்களுக்கானவை. சிறுகதையில் தொடங்கி, பிடித்தால் 'தண்ணீர்' நாவலுக்குப் போகலாம். அடுத்து சுஜாதா. வேகம், உரையாடல், குட்டிப் பத்தி. ஆனால் அவர் தமிழெழுத்தில் போடும் ஆங்கிலச் சொற்கள் சில நேரம் தடுக்கும், அந்த இடத்தில் நிற்காமல் தாண்டிவிடுங்கள். மூன்றாவது, காமிக்ஸ். முத்து காமிக்ஸ் 1972-லிருந்தும் லயன் காமிக்ஸ் 1984-லிருந்தும் வருகின்றன. யார் பேசுகிறார், எங்கே நிற்கிறார், கோபமா சிரிப்பா என்பதையெல்லாம் படமே சொல்லிவிடுவதால் எழுத்தின் சுமை பாதியாகிறது. ஒரு எச்சரிக்கை: சில இதழ்களில் பேச்சுக் குமிழிக்குள் பொடி எழுத்தைத் திணித்திருப்பார்கள். வாங்கும் முன் திறந்து பாருங்கள்.

இப்போது கி. ராஜநாராயணன். என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 'கோபல்ல கிராமம்' எடுத்துப் பக்கத்தைத் திறந்தால் டிஸ்லெக்சியா உள்ள கண் திணறும். கரிசல் பேச்சு, பேச்சுக்கேற்ற எழுத்துக்கோவை. பழகிய சொல்லை முழு உருவமாக அடையாளம் கண்டு தாண்டுகிற சலுகை இங்கே கிடையாது, பல சொற்களைப் புதிதாகக் கூட்டியாக வேண்டும். அதே பக்கத்தை அந்த மண்ணின் நாக்குள்ள ஒருவர் படிக்கக் கேளுங்கள்! தடுமாற்றமே இல்லை. பாட்டி பேசுவது போல் உள்ளே இறங்குகிறது. அப்படியானால் கண்ணுக்கு மிகக் கடினமான புத்தகமே காதுக்கு மிக எளிதாக இருக்கலாம். புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். அதை எந்த வாசல் வழியாக உள்ளே விடுவது என்று தேர்ந்தெடுப்பது மீதிப் பாதி.

காதால் கேட்பதெல்லாம் படிப்பாகுமா என்று உங்கள் வீட்டிலேயே ஒருவர் கேட்பார். அவரிடம் சொல்லுங்கள்: வாசிப்பில் இரண்டு வேலை, கேட்கும்போது இரண்டாவது வேலையை முழுதாகச் செய்கிறேன், கதையும் சிந்தனையும் மொழியழகும் அங்கேதான் இருக்கின்றன. வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம், கல்லாமைக்கு ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, அடுத்ததாக 42-ஆம் அதிகாரத்தை எதற்குக் கொடுத்தார் என்று கேள்வி கேட்டவரையே புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கொடுத்தார். வள்ளுவர் அதைக் குறுக்கு வழி என்று சொல்லவில்லை. ஒன்றை மட்டும் நேர்மையாக ஒப்புக்கொள்வோம்: கேட்பதால் மட்டும் எழுத்துக்கூட்டும் வேகம் கூடாது. அது பயிற்சியின் கணக்கு, இன்பத்தின் கணக்கில் அதைக் கொண்டுவர வேண்டியதில்லை.

கேட்பதற்கு ஒலிப்புத்தகம் இருந்தால் நல்லது. கல்கியின் நாவல்களைப் பாம்பே கண்ணன் பல குரல்களோடு ஒலிப்புத்தகமாக்கியிருக்கிறார். ஒலிப்புத்தகம் இல்லாத நூலுக்குக் கைபேசியே போதும். ஆண்ட்ராய்டில் Settings, அதற்குள் Accessibility, அதில் Select to Speak. இயக்கிவிட்டால் திரையில் நீங்கள் தொடுகிற தமிழ்ப் பத்தியைக் கைபேசி வாசிக்கும், வாசிக்கிற சொல்லை நிறமிட்டும் காட்டும். இயந்திரக் குரலில் ரசம் இருக்காது. கட்டுரைக்கும் செய்திக்கும் அது தாங்கும், கி.ரா.வுக்குத் தாங்காது.

இங்கே பலரும் தோற்பது ஓர் அற்பக் காரணத்தால். கையில் இருக்கிற கோப்பு தவறானது. வாட்ஸப்பில் வருகிற பிடிஎஃப் பெரும்பாலும் புத்தகத்தின் புகைப்படம், அதில் குரலுக்குப் படிக்க ஒன்றும் இல்லை. வேறு சில கோப்புகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்தவை. கண்ணுக்குத் தமிழ், கைபேசிக்கு உளறல். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு சொல்லை அழுத்திப் பிடியுங்கள். சொல் தேர்வாகவே இல்லையென்றால் அது படம். தேர்வானால் நகலெடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டுங்கள். அதே தமிழ்ச் சொல் வந்தால் நல்ல கோப்பு, ஆங்கிலக் குப்பை வந்தால் பழைய எழுத்துரு. FreeTamilEbooks.com தளத்தில் நூல்கள் epub வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவை யூனிகோடு. epub-ஐ எடுங்கள். பிடிஎஃப்பில் பக்கம் இறுகிக் கிடக்கும், epub-இல் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும். வரிக்கு நான்கைந்து சொல் வரும்வரை பெரிதாக்குங்கள், வரி இடைவெளியைக் கூட்டுங்கள், பின்னணியை இளமஞ்சளாக்குங்கள். குறுகிய வரியில் கண் வழி தவறி அடுத்த வரிக்கு விழுவது குறையும்.

டிஸ்லெக்சியாவுக்கென்றே எழுத்துரு இருக்கிறதாமே என்று கேட்பீர்கள். OpenDyslexic என்று ஒன்று இருக்கிறது, ஆங்கில எழுத்துகளுக்குச் செய்தது. அத்தகைய எழுத்துருக்களைச் சோதித்த ஆய்வுகளில், கிடைத்த பலனுக்குக் காரணம் எழுத்தின் வடிவத்தைவிட இடைவெளிதான் என்று தெரிந்தது. 2012-ல் சோர்சி குழுவினர் இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை மட்டும் கூட்டினார்கள், டிஸ்லெக்சியா உள்ளவர்கள் அப்போதே வேகமாகவும் பிழை குறைவாகவும் படித்தார்கள். ஆகவே மந்திர எழுத்துருவையும் வண்ணக் கண்ணாடித் தாளையும் காசு கொடுத்துத் தேடாதீர்கள். இடைவெளியைத் தேடுங்கள். தமிழில் மட்டும், எழுத்திடைவெளியைக் கூட்டும்போது கொம்பும் காலும் மெய்யை விட்டுப் பிரிந்து நின்றால் அந்த வசதியை அணைத்துவிட்டு, வரி இடைவெளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது களத்தில் இறங்குவோம். முப்பத்தைந்து வயது, லேத் பட்டறையில் வேலை, டிஸ்லெக்சியா. 'பொன்னியின் செல்வன்' படிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஐந்து பாகம், 293 அத்தியாயம் என்றதும் மலைக்கிறார். மலைக்க வேண்டாம்! 1950-லிருந்து 1954 வரை 'கல்கி' இதழில் வாரா வாரம் வந்த தொடர் அது. ஒரு வாரத்துக்கு வாசகரைப் பிடித்து வைப்பதற்காக அளவாய் வெட்டி, முடிவில் கொக்கி போட்டு எழுதியது. எங்கே நிறுத்துவது என்ற கவலையைக் கல்கியே எடுத்துக்கொண்டார். நம் பட்டறைத் தொழிலாளியின் கண்ணெதிரே இருப்பது 293 குட்டிக் கதைகள்.

முதல் வேலை, மணிரத்னத்தின் இரண்டு படங்களையும் பார்ப்பது. கதை தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்பார்கள். இவருக்கு நேர்மாறு. யார் யாருக்கு என்ன உறவு, எந்த ஊர் எங்கே என்பது முன்பே தெரிந்திருந்தால் அடுத்த சொல்லை ஊகிக்க முடிகிறது, கவனம் மிச்சமாகிறது. இரண்டாவது, பெயர் அட்டை. சாதாரணச் சொல்லில் தடுமாறினால் சூழலை வைத்துத் தப்பிக்கலாம், பெயரை ஊகிக்க முடியாது. பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர், பார்த்திபேந்திரன், கந்தமாறன், அநிருத்தர் என்று நீளும் பட்டியல் அது. ஒரு அட்டையில் ஒவ்வொரு பெயரையும் பெரிதாக எழுதி, பக்கத்தில் படத்தில் நடித்தவரின் முகத்தையோ ஒரு குறியையோ போட்டுக்கொள்கிறார். நூலின் நடுவில் பெயர் வரும்போது முதல் எழுத்தைப் பார்த்து அட்டை முகத்தை நினைத்துத் தாண்டிவிடலாம், உச்சரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மூன்றாவது, வாசலைப் பிரிப்பது. முதல் அத்தியாயம் 'ஆடித் திருநாள்'. வீரநாராயண ஏரி, புது வெள்ளம், கரையில் குதிரை மேல் வந்தியத்தேவன். அழகான வர்ணனைதான், ஆனால் நீள வாக்கியங்கள். நிறையப் பேர் இங்கேயே புத்தகத்தை வைத்துவிடுகிறார்கள். இவர் இதைக் காதால் கேட்கிறார், பட்டறைக்குப் போகிற பஸ்ஸில். இரண்டாவது அத்தியாயத்தில் ஆழ்வார்க்கடியான் நம்பி வந்து சண்டை போடுகிறார். வாதம், எதிர்வாதம், சிரிப்பு. பக்கம் வெள்ளையாகிறது. இதைக் கண்ணால் படிக்கிறார். இரவில் அல்ல. நாள் முழுக்க உழைத்த மூளையிடம் எழுத்துக்கூட்டவும் கேட்பது அநியாயம். காலையில் வேலைக்கு முன்பு, கால் மணி நேரம்.

ஆறாவது அத்தியாயம் 'நடுநிசிக் கூட்டம்'. கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் கூடிச் சதி பேசுகிறார்கள், பெயர்கள் கொட்டுகின்றன. இங்கே இரண்டு வாசலையும் சேர்த்துத் திறக்கிறார். ஒலியை 0.8 வேகத்தில் வைத்து, விரலால் வரியைத் தொடர்கிறார், கண் விரலின் பின்னால் போகிறது. குரல் எழுத்துக்கூட்டிக் கொடுப்பதால் கண்ணுக்கு வழித்துணை கிடைக்கிறது. ஒலிப்புத்தகம் நாடகமாக்கப்பட்டிருந்தால் வரிக்கு வரி பொருந்தாது. அப்போது கைபேசிக் குரல்தான் சரி. சிலருக்குக் கண்ணும் காதும் ஒரே நேரத்தில் ஓடினால் எரிச்சல் வரும். அவர்கள் முதலில் கேட்டுவிட்டு, பிடித்த பக்கத்தை மட்டும் பிறகு பார்க்கட்டும்.

நிறுத்துவது எப்போது? தலை வலிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. அதற்கு முன்பே மூன்று அடையாளம் காட்டும். ஒரே வரிக்கு இரண்டாம் முறை திரும்புகிறார். முதல் எழுத்தை வைத்துச் சொல்லை மாற்றிப் படிக்கிறார். 'பல்லக்கு' என்றிருப்பது 'பல்லவன்' ஆகிறது. பக்கத்தின் அடிக்கு வந்தும் என்ன நடந்தது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல வரவில்லை. இதில் இரண்டு சேர்ந்து வந்தால் வீரம் காட்டாமல் கண்ணை மூடிக்கொண்டு அதே இடத்திலிருந்து காதுக்கு மாறுகிறார். கதை நிற்கவில்லை, களைப்பு நின்றது. அடுத்த அத்தியாயத்தில் கோயில் வர்ணனை நீள்கிறதா? தாண்டுகிறார். கல்கி கோபித்துக்கொள்ள மாட்டார். பழகிய வாசகர்களில் எத்தனையோ பேர் சத்தமில்லாமல் தாண்டியவர்கள்தான், வெளியில் சொல்வதில்லை, அவ்வளவே.

விரும்பிய புத்தகத்துக்கு ஒலியும் இல்லை, நல்ல கோப்பும் இல்லை என்றால்? அப்போதும் கை கட்டி நிற்க வேண்டாம், சட்டம் உங்கள் பக்கம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா உள்ளிட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளி ஒருவர் படிப்பதற்காக ஒரு நூலை அவருக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்ற அனுமதிக்கிறது. அச்சு நூலைப் படிக்க முடியாதவர்களுக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகில் முதலில் ஏற்ற நாடு இந்தியா. அதன் பயனாளிகளில் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களும் உண்டு. அச்சு நூல் படிக்க இயலாதவர்களுக்காக 2016-ல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகமும் இருக்கிறது. உங்கள் மதிப்பீட்டுச் சான்றிதழ் இத்தனை நாள் பீரோவில் தூங்கியிருந்தால், அதை எடுத்துக்கொண்டு உறுப்பினராக முடியுமா என்று விசாரியுங்கள். அதுவரை வீட்டில் ஒருவரைக் கைபேசியில் பத்துப் பக்கம் படித்துப் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். அக்காவோ அண்ணனோ மகளோ, தமிழ் நன்றாக வாசிப்பவர் யாராக இருந்தாலும் சரி. ஒரு அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, கோப்பின் பெயர் அத்தியாய எண். ஒரே நீளக் கோப்பாகப் பதிவு செய்தால் விட்ட இடத்தைத் தேடியே பொழுது போய்விடும்.